எம்டன் மூழ்கடித்தது பதினாறே வணிகக் கப்பல். வங்கக் கடல் வணிகம் ஏன் நின்றது?

குமரன்87

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்த வணிகக் கப்பல்கள் பதினாறு, மொத்தம் ஏறத்தாழ 70,000 டன். அந்த ஆண்டு பிரிட்டிஷ் கொடியின் கீழ் ஓடிய நீராவிக் கப்பல்களோ ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் டன் அளவில் இருந்தன. அதாவது நூற்றில் அரைப் பங்குகூடப் போகவில்லை.

ஆனாலும் கல்கத்தா, ரங்கூன், கொழும்புத் துறைமுகங்களில் கப்பல்கள் புறப்படாமல் நிறுத்தப்பட்டன என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. க்ரூசர் எனும் வேகமான போர்க்கப்பல் வகையில் ஒரே ஒரு சிறிய கப்பல், பத்துத் துப்பாக்கி, 360 பேர். இதை வைத்து ஒரு கடலின் வணிகத்தை நெரிக்க முடிந்தது எப்படி? இது உண்மையா, நாமே ஊதிப் பெருக்கிய கதையா? நடைமுறை விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய_பட்டணம்

ஊதிப் பெருக்கியது இல்லை தம்பி. செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்று இருபத்தைந்து குண்டுக்கு மேல் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் அதற்கு ஒரு கல் இருக்கிறது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. "அவன் பெரிய எம்டன்டா" என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. மண்ணெண்ணெயே எரிந்த பிறகு வணிகம் எப்படி நடக்கும்? அந்தக் கப்பலில் நம்ம செண்பகராமன் பிள்ளையும் வந்தார் என்று சொல்வார்கள். ஊரின் வரைபடம் கையில் இருந்ததால்தான் தொட்டி எங்கே என்று குறி தவறாமல் சுட்டார்கள்.

பாய்மரம்

பழைய_பட்டணம் ஐயா, குண்டு, தொட்டி, கல் மூன்றும் சரி. செண்பகராமன் கதை சரியில்லை. 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். எம்டன் சீனக் கரையின் சிங்டாவிலிருந்து பசிபிக் வழியாக வந்த கப்பல். வெள்ளை வண்ணம் பூசிய எண்ணெய்த் தொட்டிகளைத் தேடுவிளக்கால் பிடிக்க வரைபடமும் வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான திருத்தம் ஒன்று: சென்னை மீது விழுந்த குண்டுகளால் வணிகம் நிற்கவில்லை. அதற்கு எட்டு நாள் முன்பே முதல் தடவை நின்றுவிட்டது. செப்டம்பர் 10இலிருந்து 14 வரையிலான ஐந்து நாளைப் பாருங்கள்.

10ஆம் தேதி கல்கத்தா தடத்தில் 'இண்டஸ்' பிடிபட்டு மூழ்கடிக்கப்பட்டது. 11இல் 'லவாட்'. 13இல் 'கில்லின்', பிறகு தேயிலை ஏற்றி லண்டனுக்குப் போன 'டிப்ளமாட்'. 14இல் 'டிராபோக்', 'கிளான் மாத்திசன்'. ஐந்து நாளில் ஆறு. இந்த ஆறும் தொலைந்துபோனதே முதலில் யாருக்கும் தெரியாது. பிடிபட்ட கப்பல் எதிலிருந்தும் வயர்லெஸ் செய்தி வெளியே போகவில்லை. பல சரக்குக் கப்பல்களில் வயர்லெஸ் கருவியே கிடையாது. ஒரு கப்பல் வந்துசேர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் தாமதித்தால் அன்றைக்கு யாரும் பதறமாட்டார்கள்.

செய்தி வெளியே போன வழிதான் சுவாரசியம். 13ஆம் தேதி 'லொரடானோ' என்ற இத்தாலியக் கப்பல் எம்டனை எதிர்கொண்டது. இத்தாலி அப்போது நடுநிலை நாடு. அதை விட்டுவிடத்தான் வேண்டும். விட்டார்கள். மறுநாள் அது ஹூக்ளி முகத்துவாரத்தை நெருங்கும்போது தகவல் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. வங்கக் கடலில் கப்பல்கள் புறப்பட வேண்டாம் என்று அன்றே உத்தரவு.

குமரன் தம்பி, உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கப்பல்களைக் கட்டிப்போட்டது எம்டனின் துப்பாக்கி இல்லை. துறைமுக அதிகாரி கையிலிருந்த ஒரு தந்திதான். எம்டன் எங்கே என்று தெரியாதவரை, அது எல்லா இடத்திலும் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. மூழ்கிய ஆறு கப்பலின் இழப்பு ஒரு பக்கம். சணலும் தேயிலையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு நங்கூரத்தில் சும்மா கிடந்த கப்பல்களின் இழப்பு அதைவிடப் பெரிது. மூழ்கிய கப்பலின் விலை ஒரு தடவைதான். கட்டிக்கிடக்கும் கப்பலுக்குக் கூலியும் வாடகையும் வட்டியும் தினமும் ஏறும்.

கோட்டைவாசல்

நல்ல இழை. முற்றுகை என்றால் நம் இலக்கணத்தில் உழிஞைத் திணை. மதிலைச் சுற்றி வளைத்து, அகழியைத் தூர்த்து, உள்ளே நெல்லும் நீரும் தீரும்வரை காத்திருப்பது. உள்ளே இருப்பவன் நொச்சி சூடிக் காப்பான். எம்டன் செய்ததும் அதே முறைதானே? சென்னையை எத்தனை நாள் வளைத்து நின்றது? உள்ளே அரிசி எத்தனை நாளில் தீர்ந்தது?

பாய்மரம்

கோட்டைவாசல் ஐயா, எம்டன் சென்னைக்கு எதிரே நின்றது ஏறக்குறைய அரை மணி நேரம். அது முற்றுகை இல்லை, சூறையாடல். ஆனால் நீங்கள் தவறான கப்பலிடம் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். உழிஞை சூடி நின்றவன் அந்தப் போரில் பிரிட்டன். உள்ளே இருந்தது ஜெர்மனி.

மதிலை ஒட்டி நிற்கும் முற்றுகை 1914இல் சாத்தியமில்லை. ஜெர்மன் துறைமுக வாயிலில் கப்பல் நிறுத்தினால் கண்ணிவெடியும் நீர்மூழ்கியும் தின்றுவிடும். அதனால் பிரிட்டன் வெகு தொலைவில் கதவைச் சாத்தியது. தெற்கே டோவர் நீரிணை. வடக்கே ஷெட்லண்ட் தீவுகளுக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலான குளிர்க்கடலில் பத்தாம் க்ரூசர் அணி. அந்த அணியில் பிறகு நின்றவை பெரும்பாலும் துப்பாக்கி பொருத்திய பயணிகள் கப்பல்கள். அலையைத் தாங்கி வாரக்கணக்கில் நிற்க அவைதான் சரிப்பட்டன. மறித்த கப்பலைக் கடலிலேயே சோதிக்கவில்லை. ஒரு அதிகாரியும் சில மாலுமிகளும் ஏறி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள கர்க்வால் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அங்கே சரக்கைப் பார்த்தார்கள்.

ஜெர்மனியின் சொந்த வணிகக் கப்பல்கள்? போர் தொடங்கிய சில நாளிலேயே அவை நடுநிலைத் துறைமுகங்களில் போய் அடைந்துகொண்டன. பெரும்பாலானவற்றைச் சுட வேண்டியே வரவில்லை. எம்டன் ஆறு கப்பலைப் பிடித்துப் பெயர் வாங்கிய அதே வாரத்தில், ஜெர்மனியின் கடல் வணிகம் சத்தமில்லாமல் செத்துக் கிடந்தது.

சரக்கு_சேகர்

ஐயா, இந்த விஷயம் எங்கள் தொழிலுக்கு நேராகப் பொருந்துகிறது. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் பெட்டி அனுப்பும் வேலை. 2023 நவம்பரில் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பல் பிடிபட்டதிலிருந்து போர் அபாயக் காப்பீடு ஏறியது, கப்பல்கள் நன்னம்பிக்கை முனை சுற்றிப் போகத் தொடங்கின. 1914இல் காப்பீடு எப்படி நடந்தது? பிரீமியம் எவ்வளவு? யார் கொடுத்தார்கள்? எங்களுக்கு வரும் பில்லைப் பார்த்தால், ஏவுகணையைவிட இந்தத் தாள்தான் கப்பலைத் திருப்புகிறது என்று தோன்றுகிறது.

பாய்மரம்

சேகர் சார், சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

சாதாரணக் கடல் காப்பீட்டில் போர் இழப்பு சேராது. அது தனி. 1914க்கு முன்பே பிரிட்டனில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தது: போர் வந்த அன்று தனியார் காப்பீட்டாளர்கள் விலையைக் கண்டபடி ஏற்றினால், எதிரி ஒரு குண்டும் சுடாமலே கப்பல்கள் துறைமுகத்தில் முடங்கும். அதனால் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே அரசுத் திட்டம் வந்துவிட்டது. கப்பலின் உடலுக்கான போர் அபாயத்தைக் கப்பல் உரிமையாளர் சங்கங்கள் ஏற்றன; அதில் நூற்றுக்கு எண்பது பங்கை அரசு தன் தலையில் வாங்கிக்கொண்டது. சரக்குக்கு அரசே நேரடியாக ஒரே விலை. எந்தத் தடம், எந்தச் சரக்கு என்ற பேதம் இல்லை.

அந்த விலை ஆகஸ்ட் 5 அன்று நூறு பவுனுக்கு ஐந்து கினி. செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டு கினி. கினி என்பது ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும். ஒரு லட்சம் பவுன் மதிப்புள்ள தேயிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விலையில் 5,250 பவுன் கட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து 2,100 பவுன். முதல் விலையில் பல சரக்குகள் லாபம் தராது, கிடங்கிலேயே கிடக்கும். இரண்டாவது விலையில் தேயிலை போகும்.

இப்போது எம்டன் வருகிறது. வங்கக் கடல் தடத்துக்கு மட்டும் தனியார் சந்தை பயப்படுகிறது. ஆனால் அரசின் கதவு அதே இரண்டு கினியில் திறந்தே இருக்கிறது. தனியார் விலை அந்த வரம்பைத் தாண்டினால் எல்லாரும் அரசிடம் போய்விடுவார்கள். அதனால்தான் சூறையாடல் காப்பீடு வழியாகப் பரவி உலகம் முழுக்க வணிகத்தை முடக்கவில்லை. கப்பலை நிறுத்தியது கடற்படையின் தடை உத்தரவு. அது தளர்ந்ததும் கப்பல் ஓடியது.

இன்னொரு பிடியும் இருந்தது. அரசுக் காப்பீடு வேண்டுமென்றால் கடற்படை சொல்லும் தடத்தில்தான் போக வேண்டும். தாளைக் கையில் வைத்திருந்தவனிடம் சுக்கானும் இருந்தது.

சரக்கு_சேகர்

எங்கள் பக்கக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஒப்பிட உதவும். செங்கடலைக் கடக்க ஒரு பயணத்துக்குக் கப்பல் மதிப்பில் 0.7 முதல் 1 சதவீதம் வரை கேட்ட காலம் இருந்தது. கப்பல் ஐந்து கோடி டாலர் என்றால் மூன்றரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் டாலர். முனை சுற்றினால் மூவாயிரத்தைந்நூறு கடல் மைல் அளவுக்குக் கூடுதல், பத்து நாள் சொச்சம். இரண்டு தொகையும் பக்கத்தில் வந்ததும் மாலுமிகளின் உயிரை நினைத்துக் கம்பெனிகள் சுற்றிப் போவதைத் தேர்ந்துகொண்டன. 1914இல் வங்கக் கடலுக்குச் சுற்றுவழியே கிடையாது, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

அனிதா_மரைன்

நான் எஞ்சின் அறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எல்லாரும் துப்பாக்கியையும் பிரீமியத்தையும் பேசுகிறீர்கள், நிலக்கரியை விட்டுவிட்டீர்கள். சூறையாடும் கப்பலின் கழுத்தில் கட்டிய கயிறு அதுதான்.

எம்டனின் பங்கரை, அதாவது நிலக்கரி அறையை, முழுக்க நிரப்பினால் 860 டன். மணிக்கு 12 கடல் மைல், அதாவது 12 நாட் வேகத்தில் 3,760 கடல் மைல் ஓடும். வகுத்துப் பாருங்கள்: 313 மணி நேரம், பதின்மூன்று நாள். ஒரு நாளைக்கு அறுபத்தாறு டன். இது நிதானமாக ஓடினால். எதிரிக் க்ரூசரைக் கண்டு 23 நாட் வேகத்தில் ஓட வேண்டி வந்தால், வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது, எரிவதோ ஐந்து மடங்கு ஆகும். முழு பங்கரும் இரண்டு மூன்று நாளில் காலி. அதனால் பங்கர் பாதிக்குக் கீழே இறங்க எந்தக் கேப்டனும் விடமாட்டார். நடைமுறையில் வாரத்துக்கு ஒரு தடவை நிலக்கரி ஏற்ற வேண்டும்.

இந்தியப் பெருங்கடலின் இந்தப் பக்கத்தில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகமும் இல்லை. 'மார்க்கோமானியா' என்ற நிலக்கரிக் கப்பலைக் கூடவே இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஏற்றுவது திறந்த கடலில், இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கம் கட்டி. சின்ன அலையிலும் இரண்டும் மோதும். நடுவே பாயும் கயிற்றுத் திண்டும் தொங்கவிட்டாலும் பக்கத் தகடு நசுங்கும். நிலக்கரியைக் கோணியில் அள்ளி, தூக்கி, மேல்தளத்தில் கொட்டி, பங்கர் வாய் வழியாகத் தள்ள வேண்டும். வெப்பமண்டல வெயிலில் இரும்புத் தளத்தில் நாள் முழுக்க இந்த வேலை. அன்று மாலை அந்த ஆட்களால் சண்டை போட முடியாது. அந்த நேரத்தில் எதிரி வந்தால் கட்டை அவிழ்க்கவே நேரம் போதாது.

அடுத்தது தரம். வேல்ஸ் நிலக்கரி நன்றாக எரியும், புகை குறைவு. 'பொன்டோபொரோஸ்' என்ற கிரேக்கக் கப்பலில் பிடித்தது இந்திய நிலக்கரி. சாம்பலும் புகையும் அதிகம், சூடு குறைவு. ஒளிந்து திரியும் கப்பலுக்குக் கரும்புகை என்பது அடிவானத்தில் நட்ட கொடி. செப்டம்பர் 27ஆம் தேதி கொழும்புக் கடலில் 'புரெஸ்க்' பிடிபட்டபோது அதில் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போன வேல்ஸ் நிலக்கரி ஆறாயிரத்து அறுநூறு டன் இருந்தது. தேயிலைக் கப்பலை மூழ்கடித்தார்கள், இதை மூழ்கடிக்கவில்லை. எதை வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்த்தாலே அவர்களுக்கு எது இல்லை என்று தெரியும்.

குமரன்87

மேடம், இப்படி யாரும் விளக்கியதில்லை. மூழ்கடிப்பதையும் கொஞ்சம் சொல்லுங்கள். குண்டு சுட்டுத்தான் மூழ்கடித்தார்களா? அதில் இருந்த ஆட்கள்?

அனிதா_மரைன்

குண்டு கடைசி வழி. ஒவ்வொரு குண்டும் சண்டைக்கு வேண்டியது, நிரப்ப இடம் கிடையாது.

முதலில் கொடி காட்டி நிற்கச் சொல்வார்கள், வயர்லெஸ்ஸைத் தொடாதே என்றும் சேர்த்து. நிற்காவிட்டால் முகப்புக்கு முன்னால் ஒரு குண்டு. படகில் ஒரு அதிகாரியும் ஆயுதம் தாங்கிய மாலுமிகளும் ஏறிப் போய்க் கப்பல் பதிவுச் சான்று, சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட், சரக்கு ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கப்பல் யாருடையது, சரக்கு யாருடையது என்பது இரண்டு தனிக் கேள்வி. 'கபிங்கா' பிரிட்டிஷ் கப்பல், ஆனால் சரக்கு அமெரிக்கருடையது. 1856 பாரிஸ் பிரகடனப்படி நடுநிலையாளன் சரக்கை அழித்தால் இழப்பீடு கொடுக்க வேண்டிவரும். அதனால் அதை மூழ்கடிக்காமல், மற்ற கப்பல்களிலிருந்து இறக்கிய ஆட்களையெல்லாம் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மூழ்கடிப்பது எஞ்சின் அறை வேலை. கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளைத் திறந்து, மூடிகளைக் கழற்றி, அறைகளுக்கு இடையிலான நீர்புகாக் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். வேகமாக வேண்டுமென்றால் உடலின் உட்பக்கம் வெடிமருந்து வைப்பார்கள். அப்படியும் ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். சிக்கல் எங்கே என்றால், சரக்கு மிதக்கும் வகையாக இருந்தால் கப்பல் இறங்க மறுக்கும். இறங்கிய பிறகும் மரமும் பெட்டியும் மேலே வந்து மிதக்கும். பிறகு அந்தப் பக்கம் வரும் கப்பலுக்கு அதுவே தடயம். ஒரே இடத்தில் இரண்டு நாள் வேட்டையாடினால் மூன்றாவது நாள் இடம் மாற வேண்டியது அதனாலும்தான்.

பழைய_பட்டணம்

பாய்மரம் சொன்ன செண்பகராமன் திருத்தத்தை ஏற்கிறேன், தேடிப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சென்னையைச் சுட்டதால் பயன் இல்லை என்பதை ஏற்கமாட்டேன். மறுபடி கப்பல் நின்றது அதனால்தான். அந்த ஊர்ப் பீதி ஒரு செய்தி. பிரிட்டிஷ்காரனால் இந்தக் கடலைக் காக்க முடியவில்லை என்று ஒவ்வொரு கிட்டங்கிக்காரனும் கண்ணால் பார்த்தான். கேப்டன் முல்லரின் நோக்கமும் அதுதானே?

பாய்மரம்

நோக்கம் அதுவே, மறுக்கவில்லை. கணக்கை மட்டும் வைக்கிறேன். இந்த வகைக் க்ரூசர் கொண்டுசெல்வது மொத்தம் 1,500 குண்டு அளவில். அதில் நூற்று இருபத்தைந்து ஒரே இரவில், இரண்டு தொட்டிக்கும் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் சேதத்துக்கும் போனது. ஐந்து பேர் இறந்தார்கள். அதே இரவில் தன் இடத்தையும் உலகத்துக்குச் சொல்லிவிட்டது. எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் அதன் பெரிய ஆயுதம் என்று மேலே எழுதினேன். சென்னையில் அதை ஒரு இரவுக்குக் கீழே வைத்தது. மறுபக்கத்தில், மூன்று நாளில் இலங்கையின் மேற்குக் கடலுக்குப் போய் மறுபடி வேட்டையைத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. கடற்படை வரலாற்றுக்காரர்களே இதில் இரண்டு பக்கம். உங்கள் வாதத்துக்கும் இடம் உண்டு.

நான் வியப்பது அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்து. இலங்கைப் பக்கம் ஆறு கப்பல் பிடித்ததும் எம்டன் காணாமல் போகிறது. தெற்கே டியாகோ கார்சியாவுக்குப் போனது. போர் வந்த செய்தியே அந்தத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. அங்கே ஒரு பக்கத்து அறைகளில் நீர் விட்டுக் கப்பலைச் சாய்த்து, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டினார்கள். அனிதா மேடத்துக்கு ஏன் என்று தெரியும். அடி அழுக்கானால் அதே நிலக்கரியில் வேகம் குறையும்.

இரண்டு வாரம் சத்தம் இல்லை. கொழும்பில் கப்பல்கள் மறுபடி புறப்பட்டன. வழக்கமான தடத்தை விட்டு வடக்கே தள்ளிப் போகச் சொல்லிக் கேப்டன்களுக்கு உத்தரவு. அக்டோபர் நடுவில் எம்டன் மினிக்காய்ப் பக்கம் வந்து வழக்கமான தடத்தில் வேட்டையாடியது. பிடிபட்டவர்களின் பேச்சிலிருந்தும் தாள்களிலிருந்தும் புதுத் தடம் தெரிந்துவிட்டது. அங்கே போய் நின்றது. 'ட்ராய்லஸ்' அப்படித்தான் அகப்பட்டது: முதல் பயணத்தில் வந்த புதுக் கப்பல், தகரமும் செம்பும் ரப்பரும் ஏற்றியது. தடத்தை மாற்றுவது நல்ல தற்காப்பு. ஆனால் எல்லாக் கப்பலையும் ஒரே மாற்றுத் தடத்தில் அனுப்பினால் ஒரு கப்பல் பிடிபட்டதும் அந்தத் தடம் போயிற்று.

குமரன்87

அப்படியானால் ஏன் கப்பல்களைக் கூட்டமாக, காவலோடு அனுப்பவில்லை? 1917இல் நீர்மூழ்கிகளுக்கு எதிராக அதுதானே காப்பாற்றியது?

பாய்மரம்

படைவீரர்களை ஏற்றிய கப்பல்களுக்குக் காவல் இருந்தது. சரக்குக்கு இல்லை. கூட்டமாகப் போனால் மிக மெதுவான கப்பலின் வேகம்தான் எல்லாருக்கும். கூட்டம் சேரும்வரை பத்து நாள் காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் முப்பது கப்பல் ஒரே நாளில் ஒரு துறைமுகத்தில் இறங்கும், சரக்கு இறக்க ஆளும் படகும் போதாது. ஒரே ஒரு எம்டனுக்காக இதையெல்லாம் செய்தால், எம்டன் விரும்பிய தாமதத்தை நாமே நமக்குச் செய்துகொண்டதாகும். 1917 ஏப்ரலில் நிலைமை வேறு. ஒரே மாதத்தில் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. எம்டன் மூன்று மாதத்தில் அழித்ததைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அந்த அளவு இழப்புக்கு முன்னால் பத்து நாள் தாமதம் மலிவு.

இதில் எனக்கே முழுத் தெளிவு இல்லாத இடம் ஒன்று உண்டு. ஜெர்மனி எம்டனைப் போல நாலைந்தை ஒரே நேரத்தில் இந்தக் கடலில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தடை உத்தரவு தளர வாய்ப்பே இருந்திருக்காது என்பது ஒரு பக்கம். நாலைந்துக்கும் நிலக்கரி எங்கிருந்து வரும் என்பது மறுபக்கம்.

அனிதா_மரைன்

வந்திருக்காது. எம்டன் ஒன்றுக்கே எப்படி முடிந்தது என்று பாருங்கள். அக்டோபர் 12இல் 'யார்மவுத்' என்ற பிரிட்டிஷ் க்ரூசர் சுமத்ரா பக்கம் 'மார்க்கோமானியா'வைப் பிடித்து மூழ்கடித்தது, 'பொன்டோபொரோஸ்' மீட்கப்பட்டது. தேடியவர்கள் எம்டனைப் பிடிக்கவில்லை, அதன் சோற்றுப்பானையைப் பிடித்தார்கள். மிச்சம் இருந்தவை பிடித்த கப்பல்கள் மட்டுமே, 'புரெஸ்க்', 'எக்ஸ்ஃபர்ட்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரியும் சில ஆட்களும் எம்டனிலிருந்தே கொடுக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்க ஆள் குறையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கோட்டைவாசல்

நான் முதலில் கேட்டது பிழை என்று புரிந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். தொலைவில் நின்று கதவைச் சாத்திய பிரிட்டனின் முறையில், பக்கத்து வீடு வழியாகச் சோறு போகாதா? ஹாலந்தும் டென்மார்க்கும் திறந்துதானே இருந்தன?

பாய்மரம்

போயிற்று ஐயா, முதல் ஆண்டு தாராளமாகவே போயிற்று. முற்றுகையின் உண்மையான ஓட்டை அதுதான். கப்பலை மறித்துப் பார்த்தால் சரக்கு ராட்டர்டாமுக்கு என்று தாள் சொல்லும். அங்கிருந்து ரயிலில் ஜெர்மனி போவதைக் கடலிலிருந்து யாரும் தடுக்க முடியாது.

அடைத்தது போர்க்கப்பல் இல்லை. ஹாலந்தில் 1914 நவம்பரில் வணிகர்களே சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். சரக்கு அதன் பெயருக்கு வந்தால், ஜெர்மனிக்கு மறுஏற்றுமதி ஆகாது என்று அது உறுதி கொடுக்கும். பிறகு நாட்டு அளவு கணக்கு: போருக்கு முன் ஒரு நாடு எவ்வளவு கொழுப்பும் பருத்தியும் வாங்கியது, இப்போது எவ்வளவு வாங்குகிறது? திடீரென்று மும்மடங்கு என்றால் மிச்சம் எங்கே போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. மறுத்த கப்பலுக்கு பிரிட்டிஷ் துறைமுகங்களில் பங்கர் நிலக்கரி கிடையாது. உலகத் தடங்களில் நிலக்கரி நிலையங்களில் பெரும்பகுதி அவர்கள் கையில். மேடம் சொன்ன அதே கயிறு, இந்தத் தடவை நடுநிலைக் கப்பலின் கழுத்தில்.

பசி வந்த வழியும் நேரானது இல்லை. சிலி நாட்டு நைட்ரேட் உரம் நின்றது, செயற்கையாக எடுத்த நைட்ரஜன் வெடிமருந்துக்குப் போனது, வயலுக்குக் குறைந்தது. குதிரையும் ஆளும் போர்முனைக்குப் போயின. 1916இல் உருளைக்கிழங்கு அழுகியதும் அந்தக் குளிர்காலம் டர்னிப் கிழங்கில் ஓடியது. இரண்டரை ஆண்டு ஆயிற்று அதற்கு. இதில் முற்றுகையின் பங்கு எவ்வளவு, ஜெர்மன் அரசின் மோசமான பங்கீட்டின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது.

பழைய_பட்டணம்

எம்டனின் முடிவையும் யாராவது எழுதுங்கள். பினாங்கில் ரஷ்யக் கப்பலை அடித்த பிறகு கோகோஸ் தீவுக்கு ஏன் போனார்கள்? அங்கே வணிகக் கப்பலே இல்லையே.

பாய்மரம்

அங்கே இருந்தது தந்திக் கம்பி. ஆஸ்திரேலியாவை இந்தியப் பெருங்கடல் வழியாக இணைத்த கடலடிக் கேபிள்கள் டைரக்ஷன் தீவில் கரையேறின, பக்கத்திலேயே வயர்லெஸ் நிலையம். அதை அறுத்தால் தேடும் கப்பல்கள் ஆஸ்திரேலியப் பக்கம் இழுபடும், எம்டன் மேற்கே சொகோத்ரா பக்கம் போய் ஏடன் தடத்தில் வேட்டையாடலாம் என்பது திட்டம்.

நவம்பர் 9 காலை ஐம்பது பேர் கரையிறங்கினார்கள். ஆனால் எம்டன் வாயிலுக்கு வந்ததுமே நிலையத்து ஆட்கள் அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் அறைகூவிவிட்டார்கள். எம்டன் குறுக்கே அலைவரிசையை அடைத்துப் பார்த்தது. அதற்குள் செய்தி போய்விட்டது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய பெரிய காவல் கூட்டம் ஐம்பது மைல் சொச்சத்தில் போய்க்கொண்டிருந்தது முல்லருக்குத் தெரியாது. அதிலிருந்து 'சிட்னி' பிரிந்து வந்தது: ஆறு அங்குலத் துப்பாக்கி எட்டு, எம்டனைவிட வேகமும் கூடுதல்.

அடிவானத்தில் புகை தெரிந்தபோது எம்டனில் இருந்தவர்கள் பதறவில்லை. நிலக்கரி ஏற்ற 'புரெஸ்க்'கை அன்று அங்கே வரச்சொல்லியிருந்தார்கள். அதன் புகை என்றே எண்ணினார்கள். தெளிவானபோது கரையிலிருந்த ஐம்பது பேரை ஏற்ற நேரமில்லை. அந்த ஆட்கள் இல்லாமலே சண்டைக்குப் போனது. இரண்டு மணி நேரத்துக்குள் வடகீலிங் தீவின் பவளப் பாறையில் ஏறி நின்றது, 134 பேர் இறந்தார்கள்.

அனிதா_மரைன்

'புரெஸ்க்' சண்டை நடக்கும்போதே அந்தப் பக்கம் வந்தது. சிட்னி துரத்தி நெருங்கியபோது அதிலிருந்த ஜெர்மன் ஆட்கள் வால்வைத் திறந்துவிட்டார்கள். மிச்சம் இருந்த வேல்ஸ் நிலக்கரியோடு அதுவும் அடியில் போயிற்று.